மனசில் கிடக்கும் வீட்டு வேலைகளை நான்கு கட்டத்தில் பிரிப்பது எப்படி: மாரிக்கு முன் ஒரு முழுமையான வழிகாட்டி

செப்டெம்பரில் திருகோணமலையில் வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டுதான் இருக்கும். கச்சான் காற்று அடங்குகிற நேரம், கிணற்றுத் தண்ணீர் அடியில் கிடக்கும், வானத்தில் மழைக்கான அறிகுறியே இராது. வீட்டு வேலைகளை எல்லாம் ஒரு தாளில் கொட்டிப் பிரித்துப் பார்க்க இதுதான் சரியான மாதம். ஏனென்றால் நம்முடைய ஊரில் முக்கியமான வேலைகள் பலவற்றுக்கு யாரும் திகதி போட்டுத் தருவதில்லை. கரண்ட் பில்லில் திகதி இருக்கிறது, தையல் அக்கா திகதி சொல்கிறார், பள்ளிக்கூடத்தில் இருந்து படிவத்துக்குத் திகதி வருகிறது. கூரைக்கும் கிணற்றுக்கும் மழைதான் திகதி. அது வந்த பிறகு செய்ய முடியாது.

வேலைகளை அவசரம், முக்கியம் என்ற இரண்டு கேள்விகளால் நான்கு கட்டமாகப் பிரிக்கும் முறை உலகம் முழுக்கத் தெரிந்ததுதான். அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். 1954இல் எவன்ஸ்டன் நகரில் பேசும்போது அவர், அவசரமானது முக்கியமாக இருப்பதில்லை, முக்கியமானது அவசரமாக இருப்பதில்லை என்ற கருத்தை முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாக எடுத்துச் சொன்னார். கட்டம் எதையும் அவர் கீறவில்லை. அது பிறகு நிர்வாகம் பற்றி எழுதியவர்கள் சேர்த்தது. அலுவலகத்துக்கென்று வளர்ந்த முறை என்பதால் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. எங்கே பொருந்தாது, அங்கே என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே கூடுதலாகச் சொல்லப்போகிறேன். உதாரணத்துக்கு உப்புவெளியில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுத் தாளையே எடுத்துக்கொள்கிறேன். வேலைக்குப் போகிறவள், இரண்டு பிள்ளைகள், கூடவே மாமி.

முதலில் கொட்டுங்கள், யோசிக்காதீர்கள்

சீஆர் கொப்பியில் ஒரு விரித்த பக்கமும் பேனையும் போதும். இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மனசில் வருகிற வேலைகளை வந்த வரிசையிலேயே எழுதுங்கள். எது பெரியது, எது சின்னது என்று இப்போது பார்க்க வேண்டாம். எழுதும்போதே பிரிக்கத் தொடங்கினால், சொல்ல வெட்கமான வேலைகளும் நெடுநாள் தள்ளிப்போட்ட வேலைகளும் வெளியே வராது.

பத்து நிமிடத்தில் பேனை நின்றுவிடும். அப்போது எழும்பி வீட்டைச் சுற்றி ஒரு நடை நடங்கள். குசினி, கிணற்றடி, வெளியே நின்று அண்ணாந்து கூரை, பத்திரங்கள் வைத்திருக்கும் லாச்சி, கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் பள்ளிப் பை, போனில் வாசித்துவிட்டுப் பதில் போடாமல் விட்ட செய்திகள். இந்த நடையில் வருகிற வேலைகள்தான் பெரும்பாலும் பாரமானவை.

தங்கச்சியின் தாளில் இப்படி இருந்தது: கேஸ், கரண்ட் பில், சாரிச் சட்டை தைக்கக் கொடுக்க, பள்ளிக் குழுவில் பதில், சீட்டுக்காசு, கூரை, உடுப்புத் தோய்க்க, பைக் லைசன்ஸ், மாமிக்குக் கிளினிக், மருந்து, பெரியவனின் ஐசி, கிணறு, பீலி, அலுமாரி ஒதுக்க, திரைச்சேலை, பிரிட்ஜ் ரப்பர், பழைய பேப்பர்.

சொல்லை வேலையாக மாற்றுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு நேரே கட்டத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். முறை பலன் தரவில்லை என்று கைவிடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

“கூரை” என்பது வேலை அல்ல, ஒரு கவலை. அதை எந்தக் கட்டத்திலும் வைக்க முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், ஏணி வைத்து ஏறி உடைந்த ஓடுகளை எண்ணுவது, அதே அச்சு ஓடு தேடி வாங்குவது, உக்கிய ரீப்பரை மாற்ற ஆள் பிடிப்பது, முகட்டு ஓட்டின் சாந்தைப் பார்ப்பது என்று நான்கு வேலைகள் விழுகின்றன. “ஐசி” என்பதும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும், பதிவுசெய்த ஸ்டூடியோவில் படம் பிடிக்க வேண்டும், பிறகு பள்ளி அதிபர் ஊடாகப் படிவம் போக வேண்டும். ஒவ்வொரு வரியையும் ஒரு வினைச்சொல்லில் முடியுமாறு எழுதுங்கள். கையால் செய்யக்கூடிய ஒன்றாக அது மாறிவிடும்.

இன்னொன்று. தோய்ப்பது, சமைப்பது, கூட்டுவது போன்ற தினசரி வேலைகளைத் தாளில் இருந்து வெட்டிவிடுங்கள். அவற்றுக்கு நாளும் நேரமும் ஏற்கெனவே இருக்கிறது. கட்டத்துக்குள் விட்டால் தினமும் அவசரமாகத் தெரிந்து முதல் கட்டத்தை நிரப்பிவிடும். “உடுப்புத் தோய்க்க” என்பதை அவள் வெட்டியபோது மனம் வரவில்லைதான். ஆனால் அது அவள் எழுதாவிட்டாலும் நடக்கிற வேலை.

முக்கியத்தை முதலில் கேளுங்கள்

இரண்டு கேள்விகளில் எதை முதலில் கேட்கிறோம் என்பது பெரிய வித்தியாசத்தைச் செய்யும். 2018இல் நுகர்வோர் நடத்தை பற்றிய ஓர் ஆய்விதழில் வெளியான தொடர் பரிசோதனைகளில், கூடுதல் பலன் தரும் வேலையை விட்டுவிட்டு, சீக்கிரம் முடிவடையப்போகிற சிறிய பலனுள்ள வேலையை ஆட்கள் தேர்ந்தெடுப்பதைக் கண்டார்கள். தங்களுக்கு எப்போதும் வேலை அதிகம் என்று நினைப்பவர்களிடம் இது இன்னும் கூடுதலாக இருந்தது. தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பலனைக் கண்முன் கொண்டுவந்து காட்டியபோது இந்தச் சாய்வு குறைந்தது. அதனால் திகதியைப் பார்க்குமுன் பலனைப் பார்த்துவிட வேண்டும்.

எல்லா வரிகளுக்கும் ஒரே கேள்வி: இதைச் செய்யாமலே விட்டால் ஆறு மாதம் கழித்து யாருக்கு என்ன குறையும்? யாரோ ஒருவரின் உடம்பு, வீட்டுக் காசு, பிள்ளையின் படிப்பு அல்லது பத்திரம், வீட்டின் கட்டடம், விட்டுக்கொடுக்க முடியாத ஓர் உறவு ஆகியவற்றில் ஒன்று தெளிவாகக் குறைந்தால் நட்சத்திரம் போடுங்கள். “ஒன்றும் பெரிசா ஆகாது, ஆனா வடிவா இராது” என்று பதில் வந்தால் நட்சத்திரம் இல்லை.

சாரிச் சட்டையில் கொஞ்சம் இழுபட்டோம்.

“அக்கா, மச்சாளின்ர கலியாணம். இது முக்கியம் இல்லையா?”

“கலியாணத்துக்குப் போறது முக்கியம். புதுச் சட்டை இல்லாட்டி போகமாட்டியா?”

“போவன்தான்.”

அவ்வளவுதான், நட்சத்திரம் விழவில்லை. சட்டை தைக்கக்கூடாது என்று அர்த்தமல்ல. அது வேறு கட்டத்துக்குப் போகிறது. ஆனால் கலியாணம் அவளுடைய மகளுக்கென்றால் பதிலும் மாறும். முக்கியம் என்பது வேலையில் ஒட்டிக்கொண்டிருப்பதல்ல, வீட்டைப் பொறுத்தது. ஆகவே இன்னொருவரின் தாளைப் பார்த்து நட்சத்திரம் போடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். மாமியைக் கேட்டபோது, கிணறுதான் அவருக்குப் பெரிய கவலை என்று தெரிந்தது.

நட்சத்திரம் பெற்றவை: மாமியின் கிளினிக்கும் மருந்தும், கூரை, பீலி, கிணறு, ஐசி, பைக் லைசன்ஸ், சீட்டுக்காசு.

அவசரத்தைக் கடைசித் திகதியால் அளக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை முடிய வேண்டிய நாள் முக்கியமில்லை. அதைத் தொடங்கக்கூடிய கடைசி நாள்தான் அவசரத்தைத் தீர்மானிக்கிறது. முடிவில் இருந்து பின்னோக்கி எண்ணி அந்த நாளைக் கண்டுபிடிக்க வேண்டும். அது இன்றிலிருந்து ஏழு நாட்களுக்குள் விழுந்தால் அவசரம். அதற்கு அப்பால் என்றால் அவசரமில்லை.

கூரையை எண்ணிப் பார்ப்போம். தாள் எழுதியது செப்டெம்பர் 13. “மழை டிசம்பர்லதானே, இன்னும் நாள் இருக்கு” என்றாள் தங்கச்சி. வடகீழ்ப் பருவமழையின் காலம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னரே ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை இடியோடு வந்து ஓட்டைச் சோதித்துவிடும். ஆகவே வேலை முடிய வேண்டிய நாளாக ஒக்டோபர் 10 என்று வைத்தோம். அவளுடைய வீட்டுக்கு ஓட்டு வேலை இரண்டு நாள். மேசனுக்குச் சொன்னால் வர இரண்டு கிழமை என்று எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் மழைக்கு முன் எல்லா வீடுகளும் அவரைத்தான் தேடும். பழைய அச்சு ஓடு கிடைக்க ஒரு கிழமை. ஏறி எண்ணிப் பார்க்க ஒரு நாள். மொத்தம் 24 நாள். பின்னோக்கி எண்ணினால் செப்டெம்பர் 16 வருகிறது, அதாவது மூன்று நாளில்.

அந்தக் கணக்கைப் பார்த்ததும் அவள் பேசாமல் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கூரை முழுவதும் அவசரமல்ல, ஆனால் அதன் முதல் அடி அவசரம். நீண்ட வேலைகள் எல்லாவற்றிலும் இதைக் காணலாம். வேலை இரண்டாம் கட்டத்தில் இருக்கும், அதன் முதல் அடி முதல் கட்டத்துக்குள் வந்து நிற்கும். அந்த அடியை மட்டும் வெட்டி எடுத்து முதல் கட்டத்தில் எழுதுங்கள்: “ஞாயிறு காலை ஏறி உடைந்த ஓடு எண்ணி, மேசனுக்குப் போன் எடுப்பது.”

பைக் லைசன்ஸில் இதற்கு நேரெதிர். ஒக்டோபர் 20இல் முடிகிறது. செல்லுபடியான இன்சூரன்சும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கையில் இருந்தால்தான் பிரதேச செயலகத்திலோ ஒன்லைனிலோ புதுப்பிக்கலாம். பிந்தினால் தண்டம். மூன்றுக்கும் ஒவ்வொரு நாள், இடையில் ஒரு சனி ஞாயிறு என்று வைத்தாலும் ஒக்டோபர் 15 வரை இடமிருக்கிறது. எனவே இன்றைக்கு அது அவசரமில்லை. மனசில் அது பெரிதாக உறுத்திக்கொண்டிருந்ததால் முதலாவதாகச் செய்யப் போயிருப்பாள்.

கிணறும் பீலியும் இன்னும் நுணுக்கமானவை. கிணற்றை இறைத்துச் சேறு அள்ள, தண்ணீர் அடியில் கிடக்கும் இந்த நாட்கள்தான் நல்லது. மழை பெய்து ஊற்று ஏறிவிட்டால் அடுத்த கோடைவரை பொறுக்க வேண்டும். பீலியில் சருகு அடைத்திருந்தால் தண்ணீர் வழிந்து சுவரில் இறங்குவதோடு நிற்காது. டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீரில்லாமலே மாதக் கணக்கில் காய்ந்து கிடந்து, நனைந்ததும் பொரிக்கும்; அதிலிருந்து ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பு பறக்கும். ஆகவே பீலியின் கடைசித் திகதி முதல் மழை. முதற் காய்ச்சல் வரும்வரை காத்திருப்பதற்கில்லை.

இப்போது கட்டத்தைக் கீறுங்கள்

தாளின் நடுவில் சிலுவைபோல் இரண்டு கோடு. மேலே நட்சத்திரம் உள்ளவை, கீழே இல்லாதவை. இடப்பக்கம் அவசரம், வலப்பக்கம் அவசரமில்லாதது. முக்கியத்தையும் அவசரத்தையும் தனித்தனியாக முடித்துவிட்டதால் இந்தப் படிக்கு ஐந்து நிமிடம் போதும். தங்கச்சி வீட்டில் இப்படி அமைந்தது.

முதல் கட்டம், முக்கியமும் அவசரமும்: மாமியின் மருந்து (நான்கு நாளுக்குத்தான் இருந்தது, கிளினிக் திகதி புதன்கிழமை), சீட்டுக்காசு, கூரையின் முதல் அடி.

இரண்டாம் கட்டம், முக்கியம் ஆனால் அவசரமில்லை: கூரையின் மீதி, கிணறு, பீலி, ஐசி, பைக் லைசன்ஸ்.

மூன்றாம் கட்டம், அவசரம் ஆனால் முக்கியமில்லை: கேஸ், கரண்ட் பில், சாரிச் சட்டை, பள்ளிக் குழுவில் பதில்.

நான்காம் கட்டம், இரண்டும் இல்லை: அலுமாரி, திரைச்சேலை, பழைய பேப்பர், பிரிட்ஜ் ரப்பர்.

கரண்ட் பில் ஏன் மூன்றாவதில் என்று கேட்கலாம். அது புதிதாக வந்த பில், யார் கட்டினாலும் ஒன்றுதான், போனிலேயே கட்டலாம். அதே பில் சிவப்பு நோட்டீசாக வந்திருந்தால் கரண்டை வெட்டிவிடுவார்கள்; மாமியின் இன்சுலின் பிரிட்ஜில் இருக்கிறது. அப்போது நட்சத்திரம் விழும், முதல் கட்டத்துக்கு வரும். பிரிட்ஜ் ரப்பரையும் இதே கண்ணால் திரும்பப் பார்த்தோம். கதவு இறுக்கமாக மூடுகிறதா என்று ஒரு தாளை இடையில் வைத்து இழுத்துப் பார்த்தாள். இறுக்கிப் பிடித்தது, ஓரத்தில் மட்டும் கறுப்பு. அதனால் நான்காவதிலேயே இருக்கட்டும் என்று விட்டோம். தாள் சும்மா வழுக்கி வந்திருந்தால் அதுவும் மேலே ஏறியிருக்கும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு கை

முதல் கட்டத்தில் உள்ளதை நீங்களே செய்கிறீர்கள், இன்றோ நாளையோ. அங்கே ஐந்துக்கு மேல் விடாதீர்கள். ஆறாவது வந்தால் ஏற்கெனவே இருப்பவற்றில் ஒன்றின் நட்சத்திரத்தையோ திகதியையோ மறுபடி கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் கட்டம் திகதி இல்லாமல் இருந்தால் அது வெறும் ஆசைப் பட்டியல். அதிலுள்ள ஒவ்வொரு வேலைக்கும் அடுத்த ஓர் அடியும், அதற்கு ஒரு நாளும், முடிந்தால் நேரமும் எழுதுங்கள். சுவரில் தொங்கும் கலண்டரில் எழுதுவது நல்லது, வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தங்கச்சி எழுதியது: செப்டெம்பர் 18 இரவு பிறப்புச் சான்றிதழ் தேடுவது (கிடைக்காவிட்டால் பிரதிக்கு விண்ணப்பிக்க நேரம் இருக்கும்), 20 காலை கிணறு இறைக்க ஆள், 28 பீலி, ஒக்டோபர் 4 பைக்குக்குப் புகைப் பரிசோதனை. ஒரு கிழமையில் இரண்டாம் கட்டத்து வேலை இரண்டு நடந்தாலே நல்ல வேகம். நான்கு எழுதினால் எதுவும் நடக்காது, இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் கட்டத்தில்தான் அலுவலக முறை வீட்டில் இடறுகிறது. “வேறொருவரிடம் கொடு” என்பார்கள், ஆனால் வீட்டில் யாரிடம்? கொடுத்தாலும் “கேசுக்குச் சொன்னீங்களா?” என்று இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தால் வேலை உங்கள் தலையை விட்டுப் போகவில்லை. நினைவூட்டுவதும் ஒரு வேலைதான். ஆகவே முழுசாகக் கொடுங்கள்: எது, எந்த நாளுக்குள், காசு எங்கே இருக்கிறது, முடிந்ததென்று எப்படித் தெரியும். தங்கச்சி தன் வீட்டுக்காரரிடம், “கேஸ் உங்கட பொறுப்பு. வெறும் சிலிண்டர் பின்வாசலடியில், காசு டப்பாவுக்குள்ள. செவ்வாய்க்குள்ள புதுசு குசினிக்கு வந்தா சரி, நான் கேக்கமாட்டன்” என்று சொன்னாள். பெரியவனிடம் பில் போனது. பிள்ளைகள் பில் கட்டப் பழக இது நல்ல வழியும்கூட.

கொடுக்க ஆளே இல்லாவிட்டால் மூன்றாம் கட்டத்தைக் கட்டி ஒரே நடையில் முடியுங்கள். உப்புவெளியில் இருந்து டவுனுக்கு ஒரு பஸ். தையல், ரீலோட், போட்டோ கொப்பி எல்லாம் அந்த ஒரு பயணத்தில். தனித்தனியாகப் போனால் இந்தச் சின்ன வேலைகள் மூன்று பின்னேரங்களைச் சாப்பிட்டுவிடும், அவைதான் கிணற்றுக்கும் கூரைக்கும் தேவையான பின்னேரங்கள்.

நான்காம் கட்டத்தை அழித்துவிடுங்கள். மனசு கேட்காவிட்டால் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். திரைச்சேலை தீபாவளிக்கு முன் தானாகவே திரும்பி வரும். வரும்போது அப்போதைய நிலையைப் பார்த்து வைக்கலாம்.

கிழமைக்கு ஒரு தரம் மாற்றி இருத்துங்கள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பத்து நிமிடம். புதிதாக வந்ததைச் சேர்த்து, ஒவ்வொன்றின் தொடங்கும் கடைசி நாளையும் மறுபடி பாருங்கள். நாள் நகர நகர வலப்பக்கத்து வேலைகள் இடப்பக்கம் வரும், அது இயல்பு. ஆனால் கிழமைக் கிழமை இரண்டாம் கட்டத்து வேலைகள் செய்யப்படாமலே முதலாவதுக்குத் தாவினால், திகதி போட்டதோடு நிறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம்; அந்த நாளில் வேறு எதை விடுவது என்றும் எழுத வேண்டும்.

ஒரு வேலை மூன்று கிழமையாக அதே இடத்தில் இருந்தால் அதில் இரண்டிலொன்று பிழை. வேலை இன்னும் உடைக்கப்படாமல் கவலையாகவே இருக்கலாம், அல்லது நட்சத்திரம் மற்றவர்களுக்குப் பயந்து போட்டதாக இருக்கலாம். முதலாவதென்றால் இன்னும் சின்னதாக உடையுங்கள். இரண்டாவதென்றால் நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள்.

முதல் கட்டம் எப்படிக் குறைத்தாலும் நிரம்பி வழிகிறதென்றால், அது பிரிப்பதில் உள்ள பிழையல்ல. ஒரே ஆள் செய்யக்கூடியதைவிட வேலை கூட இருக்கிறது. கட்டம் நேரத்தை உண்டாக்காது. அந்தத் தாளையே வீட்டில் எல்லாருக்கும் முன்னால் விரித்து வைத்து, மேல் வரிசையில் இருப்பதையும் பங்கு பிரியுங்கள். கிளினிக்குக்கு மாமியோடு புதன்கிழமை விடிய யார் போவது என்பதில் இருந்து தொடங்கலாம்.

வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களிலும், புயல் எச்சரிக்கை வந்திருக்கும் நாட்களிலும் கட்டத்தை மூடி வையுங்கள். அப்போது முதல் கட்டம் மட்டும்தான். அந்த நாட்கள் முடிந்ததும் பழைய தாளைத் தொடராமல் புதிதாக ஒன்றைக் கொட்டுங்கள். மழைக்குள் ஓட்டுக்குச் சாந்து போட முடியாது என்பதால் கூரையின் திகதியை மழை விட்ட நாளில் இருந்து மறுபடி எண்ண வேண்டும்.